வரிசை பிசகாமல், மூட்டு தடிக்காமல் சுவெட்டரின் பக்கங்களை இணைப்பது எப்படி?

"ரீச்சர், பண்டாரவளையில் இருக்கிற அக்காவின் மகனுக்கு நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக வைத்து அக்றிலிக் நூலில் ஒரு சுவெட்டர் பின்னினேன். ஒவ்வொரு துண்டுக்கும் 66 கண்ணி. அடியில் 16 வரிசை ரிப், அதற்கு மேல் கக்கம் வரைக்கும் நீலம் 6, வெள்ளை 4 என்று மாறி மாறி. 10 சென்டிமீற்றருக்கு 22 கண்ணியும் 30 வரிசையும் வருகிறது. முன்துண்டையும் பின்துண்டையும் உட்பக்கம் வெளியே தெரிய வைத்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். கீழே சரியாகத்தான் இருந்தது. கக்கத்துக்குப் போனால் நீலத்துக்கு நேரே வெள்ளை நிற்கிறது. மூட்டும் கயிறு மாதிரித் தடித்து நிற்கிறது. எப்படித் தைத்தால் சரிவரும்?" — அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி.

மகள், முதலில் அந்தத் தையலைப் பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது தைத்த நூலை மட்டும் ஊசிமுனையால் தூக்கி, இரண்டு மூன்று சென்டிமீற்றருக்கு ஓரிடமாக வெட்டி இழுங்கள். பின்னலின் ஓரக்கண்ணியில் கத்தரிக்கோல் பட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலையாகிவிடும். உங்கள் துண்டுகளில் அநேகமாகக் குற்றம் இல்லை. ஓரத்தைச் சுற்றித் தைக்கும்போது ஒவ்வொரு குத்தும் விளிம்பில் கிடைத்த இடத்தில் இறங்குவதால், ஒரு பக்கத்தில் மூன்று வரிசை கடந்திருக்க மறுபக்கத்தில் நான்கு வரிசை கடந்திருக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்து சேர்ந்து கக்கத்தில் வந்து முழுதாக நிற்கும். இரண்டு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நூலுக்குள் சுருட்டப்படுவதால்தான் அந்தக் கயிறும் உண்டாகிறது.

இந்த வேலைக்குரிய தையல் மெத்தைத் தையல். நிட்டிங் பழகியவர்கள் மேட்ரஸ் ஸ்டிச் என்று சொல்வது இதைத்தான். இதில் இரண்டு துண்டுகளும் நல்ல பக்கம் மேலே தெரிய, பக்கத்தில் பக்கமாகக் கிடக்கும். ஒவ்வொரு குத்திலும் இடப்பக்கத்தில் ஒரு வரிசையையும் வலப்பக்கத்தில் அதற்கு நேரான வரிசையையும் நீங்கள் பார்த்துப் பிடிக்கிறீர்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை மூட்டுகிறவர் ஒரு கரையின் கோட்டை மறுகரையின் கோட்டோடு கண்ணால் சேர்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான், பின்னலில் கோட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

அந்தப் படி எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது போலத்தான். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் பின்னிய துணியின் நல்ல பக்கத்தில், கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அம்புமுனைகள் போல நிரையாக நிற்கும். விளிம்பில் நிற்கும் முதல் நிரைதான் ஓரக்கண்ணி. அது சற்றுத் தளர்ந்தும் கோணியும் இருப்பது இயல்பே. அந்த நிரையையும் அடுத்த நிரையையும் இரு பெருவிரல்களாலும் மெல்லப் பிரித்துப் பாருங்கள். இடையில் ஏணிப்படிகள் போலக் குறுக்கு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஒரு வரிசைக்கு ஒரு படி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊசி போக வேண்டிய இடம் இந்தப் படிகளுக்குக் கீழேதான். விளிம்பையே பிடித்துத் தைக்கிறவர்கள் கோணலான ஓரக்கண்ணியைத் துணியின் முகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். படியைப் பிடித்தால் அந்தக் கோணல் உள்ளே போய்விடும். வெளியே இரண்டாவது நிரையும் இரண்டாவது நிரையும் அக்கம்பக்கமாகச் சேர்ந்து, இடையில் ஒன்றுமே நடக்காதது போல் நிற்கும்.

தைக்க உட்காருமுன் துண்டுகளை நனைத்து, அளவுக்கு விரித்து, உலர்த்தி எடுக்க வேண்டும். இந்தப் பின்னலின் பக்க ஓரங்கள் பின்புறமாகச் சுருள்வதால், சுருண்ட நிலையில் படிகளை எண்ணவே முடியாது. பாயின்மேல் தடித்த துவாயை விரித்து, ஈரத்தோடு துண்டைப் பரப்பி, முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே நீள அகலத்துக்குக் குண்டூசியால் நிறுத்துங்கள். நம்முடைய உப்புக்காற்றில் சாதாரணக் குண்டூசி சீக்கிரம் துருவேறி வெள்ளை நூலில் கறை வைத்துவிடும் என்பதால், துருப்பிடிக்காத ஊசியாகப் பார்த்துக் குத்துங்கள். மார்கழி மழைக்காலமென்றால் மின்விசிறிக்குக் கீழேயும் இரண்டு நாள் எடுக்கும். உலருமுன் எடுத்தால் மறுபடி சுருண்டுவிடும். அவசரப்பட்டு அயன் வைக்காதீர்கள். அக்றிலிக் நூல் சூட்டில் சப்பையாகித் தன் துள்ளலை இழந்துவிடும். அது பிறகு திரும்பி வராது.

உலர்ந்தபின் டேப்பை ஒதுக்கிவைத்துவிட்டு வரிசைகளை எண்ணுங்கள். பின்னல் இழுபடும் துணி என்பதால், 22 சென்டிமீற்றர் என்று இரண்டு துண்டும் அளவில் ஒத்தாலும் ஒன்றில் 66 வரிசையும் மற்றதில் 68 வரிசையும் இருக்க முடியும். உங்கள் கணக்குப்படி ரிப் 16, அதற்கு மேல் நீலமும் வெள்ளையும் சேர்ந்த 10 வரிசைத் தொகுதி ஐந்து, ஆக மொத்தம் 66 படிகள் இருக்க வேண்டும். முழுத்துண்டையும் ஒரே மூச்சில் எண்ணினால் தவறும். ஒவ்வொரு பட்டையாக எண்ணி, பட்டை தொடங்கும் இடத்தில் வேறு நிறத் துண்டுநூல் ஒன்றை ஓரக்கண்ணியில் கட்டிவிடுங்கள். பட்டை வைத்த சுவெட்டரில் உள்ள வசதி என்னவென்றால், பிழை இருந்தால் அது எந்தப் பட்டையில் இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இனித் தையல். முனை மழுங்கிய, கண் பெரிய கம்பளி ஊசியை எடுங்கள். கூரான ஊசி படிக்குக் கீழே போகாமல் நூலைப் பிளந்துகொண்டு போகும். நூல் பின்னிய அதே நூலாக இருக்கட்டும். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், அதாவது 50 சென்டிமீற்றரளவு, கைக்கு அடங்கும். அதற்கு மேல் நீண்டால், ஒவ்வொரு படியையும் உரசி உரசிப் போய் மேலே சேரும்போது நூல் பஞ்சாகிவிடும். நூல் தீர்ந்தால் இடையில் புதுநூல் எடுப்பதே நல்லது. நீல நூலாலேயே முழு மூட்டையும் தைக்கலாம். சரியாக இழுத்த மெத்தைத் தையலில் தைத்த நூல் வெளியே தெரியாது என்பதால், வெள்ளைப் பட்டைக்கு நிறம் மாற்றத் தேவையில்லை.

துண்டுகளின் அடிவிளிம்பு உங்களை நோக்கி இருக்கும்படி இரண்டையும் வெள்ளைத்துணி ஒன்றின்மேல் வையுங்கள். அடர்நீல நூலின் படிகள் வெள்ளைப் பின்னணியில்தான் தெரியும். வலத்துண்டின் அடிமூலையிலிருந்து நூல் புறப்படுகிறது என்று கொள்வோம். ஊசியை இடத்துண்டின் அடிமூலையில் கீழிருந்து மேலாக ஏற்றுங்கள். பிறகு வலத்துண்டுக்குத் திரும்பி, நூல் புறப்பட்ட மூலையில் மறுபடியும் கீழிருந்து மேலாக ஏற்றி இழுங்கள். எட்டுப் போட்டதுபோல் ஒரு சுற்று விழுந்து, இரண்டு அடிவிளிம்புகளும் ஒரே மட்டத்தில் சேர்ந்து நிற்கும். இந்த எட்டைப் போடாமல் நேராகப் படிகளுக்குப் போனவர்களுடைய சுவெட்டரின் அடியில் ஒரு சிறிய பல் போன்ற ஏற்ற இறக்கம் தெரியும்.

அடுத்து இடப்பக்கத்தில் ஓரக்கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் இடையிலுள்ள முதல் படிக்குக் கீழே ஊசியை மேல்நோக்கிச் செலுத்தி வெளியே எடுங்கள். வலப்பக்கத்திலும் முதல் படிக்குக் கீழே அப்படியே. மறுபடி இடப்பக்கம் வரும்போது, முன்பு ஊசி வெளியே வந்த அதே துளைக்குள்ளேயே இறங்கி அடுத்த படியைப் பிடித்து வெளியே வர வேண்டும். இந்தத் தையலின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது: எந்தத் துளையில் வெளியே வந்ததோ, அந்தப் பக்கத்துக்குத் திரும்பும்போது அதே துளையில் உள்ளே போக வேண்டும். ஒரு படி மேலே தாண்டி இறங்கினால் அந்தப் பக்கத்தில் ஒரு வரிசை விடுபட்டுப் போகும்; பிடித்த படியையே மறுபடி பிடித்தால் ஒரு வரிசை மிஞ்சும். இரண்டில் எது நடந்தாலும் அந்த இடத்தில் கண்ணி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைக் காணலாம்.

மூட்டு மட்டமாகக் கிடப்பதும் தடிப்பதும் நூலை இழுக்கும் விதத்தில்தான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு குத்துக்கும் இழுக்காதீர்கள். ஐந்தாறு படிகள் தைக்கும்வரை நூல் இரண்டு துண்டுகளுக்கும் இடையில் ஏணி போலத் தளர்ந்தே கிடக்கட்டும். அப்போதுதான் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும். பிறகு நூலை மூட்டின் போக்கிலேயே, மேல்நோக்கி, மெதுவாக இழுங்கள். ஏணி மறைந்து, இரண்டு ஓரக்கண்ணிகளும் தாமாகவே பின்புறம் மடிந்து உள்ளே போவதைப் பார்ப்பீர்கள். இந்தப் பின்னலின் ஓரம் இயல்பாகவே பின்பக்கம் சுருளக்கூடியது என்று சொன்னேன் அல்லவா? மெத்தைத் தையல் அந்தச் சுருட்டலோடு சண்டை பிடிப்பதில்லை. அது போக விரும்பும் திசையிலேயே அதை அனுப்பிவைக்கிறது. ஏணி மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால் மூட்டு சுருங்கிக் குட்டையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை இழுத்தபின்னும் தைத்த பகுதியின் மேலும் கீழும் பிடித்து, துணி எவ்வளவு நீளுமோ அவ்வளவுக்கு ஒருமுறை நீட்டிவிடுங்கள். மிகுதியாக இறுகியிருந்த நூல் தானே சிறிது உள்ளே ஓடி, மூட்டும் துணியோடு சேர்ந்து நீளப் பழகிக்கொள்ளும்.

இதை நான் ஒரு நட்டத்தில் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், நுவரெலியாவுக்கு அனுப்பிய ஒரு பிள்ளைச் சுவெட்டரை, மூட்டு உறுதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு குத்துக்கும் இறுக்கித் தைத்தேன். மேசையில் பார்க்க அழகாகவே இருந்தது. பிள்ளைக்குத் தலைவழியாகப் போட்டு இழுத்த முதல் நாளிலேயே பக்க மூட்டின் நூல் இரண்டு இடங்களில் அறுந்துபோனது. துணி நீண்டது, நூல் நீளவில்லை. நீட்டிப் பார்க்கும் அந்த ஒரு வினாடி வேலையை அதன் பிறகு நான் எந்தச் சுவெட்டரிலும் விட்டதில்லை.

இறுக்கம் சரியா என்பதை அறிய வேறொரு வழியும் உண்டு. 12 கண்ணி, 20 வரிசையில் இரண்டு சிறு துண்டுகளை நீலத்தில் பின்னி, சிவப்பு நூலால் தைத்துப் பாருங்கள். சும்மா கிடக்கும்போது சிவப்பு தெரியக்கூடாது. பக்கவாட்டில் இழுக்கும்போதும் மெல்லிய புள்ளிகளுக்கு மேல் தெரியக்கூடாது. சிவப்புப் படிகள் தெளிவாகத் தெரிந்தால் தளர்வு. தெரியவே இல்லை, ஆனால் மூட்டு நெளிந்து வளைகிறது என்றால் இறுக்கம். என்னிடம் பழக வருகிறவர்களை நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உங்கள் சுவெட்டரில் அடிப்பகுதி ரிப் என்பதால், அங்கே படிகளைத் தேடுவது சற்றுக் கடினம். துணியைப் பக்கவாட்டில் நன்றாக விரித்துப் பிடித்தால் தெரியும். இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்புக்கு 66 கண்ணி போட்டது நல்ல தேர்வு. 66 என்பது நான்கின் மடங்கோடு இரண்டு கூடியது என்பதால், வரிசை இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டிலேயே முடியும். தைக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிட் உள்ளே போக, மிஞ்சிய ஒன்றும் ஒன்றும் சேர்ந்து வெளியே இரண்டு நிட்டாக நின்று, ரிப் முறியாமல் சுற்றிவரும். 64 கண்ணி போட்டிருந்தால் ஒரு பக்கம் நிட்டிலும் மறுபக்கம் பர்லிலும் முடிந்து, மூட்டில் ஒரு நிட்டும் ஒரு பர்லும் மட்டும் மெலிந்து நின்றிருக்கும். எப்படித் தைத்தாலும் அதை மறைக்க முடியாது.

ரிப் கடந்து பட்டைகளுக்கு வந்ததும் ஒவ்வொரு நிறமாற்றமும் உங்களுக்கு ஒரு சோதனைச் சாவடி. ஒரு பக்கத்தில் முதல் வெள்ளைப் படியைப் பிடித்தீர்களானால், அடுத்த குத்தில் மறுபக்கத்திலும் வெள்ளையின் முதல் படியே கிடைக்க வேண்டும். நீலப் படி ஒன்று மிச்சம் இருந்தால், பிழை கடந்துவந்த அந்த நீலப் பட்டைக்குள்தான் இருக்கிறது. ஆறு படிகளைப் பிரித்தால் போதும், அறுபதைப் பிரிக்க வேண்டாம். ஒற்றை நிறச் சுவெட்டர் தைக்கிறவர்களுக்கு இந்த உதவி இல்லாததால், அவர்கள் பத்துப் படிக்கு ஒரு துண்டுநூலைக் கட்டி இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

எண்ணும்போது உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். பின்துண்டின் மூன்றாவது நீலப் பட்டையில் 6க்குப் பதிலாக 8 வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறம் மாற்ற மறந்து இரண்டு வரிசை கூடப் பின்னுவது எல்லோருக்கும் நடப்பதுதான். அந்தப் பட்டைக்குள் தைக்கும்போது, முன்துண்டில் வழக்கம்போல் ஒவ்வொரு படியாக எடுங்கள். பின்துண்டில் இரண்டாவது குத்திலும் ஐந்தாவது குத்திலும் மட்டும் இரண்டு படிகளை ஒன்றாக எடுங்கள். ஆறு குத்தில் எட்டுப் படியும் முடிந்து, அடுத்த வெள்ளை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் தொடங்கும். இரண்டு வரிசை என்பது உங்கள் பின்னலில் 7 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதைத் துணி தாங்கிக்கொள்ளும். முக்கியமானது, கூடுதலை அது உண்டான பட்டைக்குள்ளேயே தீர்த்துவிடுவதுதான். கக்கம் வரைக்கும் பரப்பிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், இடையில் உள்ள எல்லாப் பட்டைகளும் பிசகி நிற்கும். ஒற்றை நிறமாக இருந்தால் மட்டுமே அப்படிப் பரப்பலாம். நான்கு வரிசையும் அதற்கு மேலும் கூடியிருந்தால் தையலால் சமாளிக்க நினைக்காதீர்கள். மூட்டின் ஒரு பக்கம் சுருக்கு வைத்தது போல் உப்பிவிடும். அந்த அளவுக்குப் பின்னலை இறக்கி மறுபடி பின்னுவதே வழி.

நிறம் மாறிய இடங்களில் ஓரத்தில் தொங்கும் நூல்வால்களை முடிச்சுப் போட்டிருக்கிறீர்களா? மூட்டு தடித்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். முடிச்சுகளை அவிழ்த்து, வால்களைத் தொங்கவிட்டே தையுங்கள். தைத்து முடிந்தபின், உட்பக்கத்தில் மடிந்து கிடக்கும் ஓரக்கண்ணிகளுக்குள் ஒவ்வொரு வாலையும் நான்கைந்து சென்டிமீற்றருக்கு ஊசியால் செருகிவிடுங்கள். ஒன்றை மேலேயும் அடுத்ததைக் கீழேயும் கொண்டுபோனால் எல்லாம் ஓரிடத்தில் குவியாது. தைத்த நூலின் நுனியையும் அப்படியே முடியுங்கள், முடிச்சு வேண்டாம்.

ஓரத்தைப் பற்றி இன்னுமொன்று. ஓரம் அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. வெளியே தெரிகிற ஓரத்துக்கு அது சரி. தைக்கப்போகும் ஓரத்தில் அப்படிச் செய்தால் ஓரக்கண்ணி இரண்டு வரிசைக்கு ஒன்றாக நீண்டு, அதன் அருகிலுள்ள படிகள் ஒழுங்கு தப்பிவிடும். வரிசைக்கு வரிசை சேர்ப்பது கடினம். தைக்கும் ஓரத்தின் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் எல்லா வரிசையிலும் பின்னிவிடுங்கள். கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் இருந்தால் அவற்றையும் ஓரத்திலேயே செய்யாமல், ஒரு கண்ணி உள்ளே தள்ளிச் செய்யுங்கள்; சுவெட்டரின் கையைப் பின்னும்போது இது உதவும்.

மெத்தைத் தையல் ஒவ்வொரு துண்டின் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு முழுக் கண்ணியை உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். உங்கள் இரண்டு துண்டுகளிலும் சேர்ந்து 132 கண்ணி. இரண்டு மூட்டிலும் போவது 4. மீதி 128 கண்ணி, ஏறத்தாழ 58 சென்டிமீற்றர் சுற்றளவு தரும். பிள்ளையின் மார்புச் சுற்றளவை அக்காவிடம் கேட்டு இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நூலுக்கு ஒரு கண்ணி நாலரை மில்லிமீற்றர்தான் என்பதால், அது உள்ளே மடிந்தாலும் உடம்பில் உறுத்தாது. 10 சென்டிமீற்றருக்கு 14 கண்ணி வரும் தடித்த நூலென்றால் ஒரு கண்ணியே 7 மில்லிமீற்றர். அங்கே முழுக் கண்ணியை எடுத்தால் எப்படி இழுத்தாலும் உள்ளே ஒரு வரம்பு நிற்கும். அப்படிப்பட்ட நூலில் ஓரக்கண்ணியின் நடுவிலேயே ஊசியை ஓட்டி அரைக் கண்ணி மட்டும் எடுப்பார்கள். இரண்டு அரையும் சேர்ந்து வெளியே ஒரு கண்ணி போலத் தெரியும். ஆனால் ஓரம் ஒரே சீராகப் பின்னப்பட்டிருந்தால்தான் அது அழகாக வரும். உங்கள் சுவெட்டருக்கு அது தேவையில்லை.

இரண்டு பக்கமும் தைத்தபின், சுவெட்டரை உட்பக்கம் திருப்பி, மூட்டின்மேல் ஈரத்துணியை விரித்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மடிந்த ஓரங்கள் இரண்டையும் விரலால் இருபுறமும் பிரித்துவிட்டு, அந்த ஈரத்துணியோடேயே நிழலில் உலரவிடுங்கள். உலர்ந்ததும் நல்ல பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். மூட்டு எங்கே என்று விரல் தேட வேண்டியிருந்தால் தையல் சரி. ஏதாவது ஒரு பட்டையில் மட்டும் விரல் தட்டினால், அங்கே இழுப்பு அதிகமாகியிருக்கும்; அந்த இடத்தை இரண்டு கையாலும் நீட்டிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.